மெயின் பெட்டிக் கதவில் ஒரு காகிதம்

"தம்பி, டேங்க்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்லடா" என்று அம்மா போனில் சொன்னபோது நான் புனேயில், ஓர் அலுவலகக் கூட்டத்தின் நடுவில் இருந்தேன்.

"மோட்டாரைப் போடுங்கம்மா" என்றேன் மெதுவாக.

"எங்க போடறது? சுவிட்சைத்தான் நீ கழட்டிட்டியே."

அம்மா சொன்னது உண்மைதான். திருச்சியில் இருக்கும் எங்கள் வீட்டில் சம்ப்பிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற 1 எச்.பி. மோட்டார் இருக்கிறது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஓடும், சிவப்பை அழுத்தினால் நிற்கும். இருபது வருஷம் அப்படித்தான் ஓடியது. வீட்டைத் தானியங்கியாக மாற்றும் ஆசையில் அந்த ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு, வைஃபை ரிலே ஒன்றை வைத்தேன். தொட்டியில் கால் பங்குக்குக் கீழே தண்ணீர் இறங்கினால், டி.வி.க்குப் பின்னால் இருக்கும் கையகலக் கணினி அந்த ரிலேவுக்குச் சொல்லும், மோட்டார் ஓடும். பொத்தானே தேவையில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். தேவையில்லாத பொத்தான் எதற்கு என்று எடுத்தும் விட்டேன்.

முந்தைய நாள் இரவு ஐப்பசி மழை. கரன்ட் வருவதும் போவதுமாக இருந்திருக்கிறது. அந்த ஆட்டத்தில் கணினியின் மெமரி கார்டு கெட்டுப்போய், காலையில் அது எழுந்திருக்கவே இல்லை. மோட்டாருக்குச் சொல்ல ஆள் இல்லை. ஹாலில் போட்டிருந்தவை ஸ்மார்ட் பல்புகள். அவற்றின் சுவரோரச் சுவிட்சுகளை யாரும் அணைத்துவிடக் கூடாதென்று நானே செலோடேப் ஒட்டி வைத்திருந்தேன். அதனால் விளக்கை எப்படிப் போடுவது என்றும் அம்மாவுக்குத் தெரியவில்லை.

இரண்டு தெரு தள்ளி அக்கா வீடு. அக்கா மகன் பதினோராம் வகுப்பு படிக்கிறான். அவனை வரச்சொல்லி, "எல்லாத்தையும் ஒருதடவை ரீசெட் பண்ணுடா" என்றேன். ஐந்து நிமிடத்தில் அவன் கூப்பிட்டான். "மாமா, நெட் டப்பாவுக்குப் பின்னால சின்ன ஓட்டை இருக்கு. ரீசெட்னு எழுதியிருக்கு. அதைத்தானே?" மேலதிகாரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா, ஆமா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவன் அம்மாவின் சேஃப்டி பின்னை வாங்கி, ஓட்டைக்குள் விட்டுப் பத்து நொடி அழுத்தியிருக்கிறான். ரவுட்டரில் இருந்த வைஃபை பெயர், கடவுச்சொல், இணைய இணைப்பின் விவரம் எல்லாம் ஒரே அழுத்தில் போய்விட்டன. அதுவரை கெட்டிருந்தது ஒரு மெமரி கார்டு மட்டுமே. அதற்குப் பிறகு வீட்டில் இருந்த 23 சாதனங்களும் அநாதையாயின.

குற்றம் அவனுடையது அல்ல, சொன்ன என்னுடையது. 'ரீசெட்' என்ற சொல்லை நாம் இரண்டு வேலைக்கும் பயன்படுத்துகிறோம். கரன்டை நிறுத்தி மறுபடி கொடுப்பதும் ரீசெட், உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துக் கடையில் வாங்கிய நாளின் நிலைக்குக் கொண்டுபோவதும் ரீசெட். முதலாவது, தூங்குகிறவரைத் தட்டி எழுப்புவது போல. இரண்டாவது அவருடைய நினைவையே துடைத்துவிடுகிறது. சாதனத்தின் உடம்பில் 'ரீசெட்' என்று அச்சடித்திருந்தால் பெரும்பாலும் அது இரண்டாவது வகைதான்.

ஊர் திரும்பியதும் வீட்டாருக்காக ஒரு காகிதம் எழுதி, மெயின் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டினேன். தானியங்கி வசதியுள்ள எந்த வீட்டிலும் அமைத்தவர் ஊரில் இல்லாத நாள், ஆஸ்பத்திரியில் இருக்கும் நாள், ஏன், அவரே இல்லாமல் போகும் நாளும் வரும். அன்றைக்குக் கைமாற்றித் தரவேண்டிய குறிப்பு அது. முதல் முறை நான் எழுதியது நான்கு பக்கம். எந்தச் சாதனம் எதோடு பேசுகிறது என்று படமெல்லாம் போட்டிருந்தேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்துவிட்டு, "இதுல மோட்டாரை எப்படிப் போடறதுன்னு எங்க இருக்கு?" என்றார். மூன்றாம் பக்கத்தில் இருந்தது.

அன்றுதான் எனக்கு விளங்கியது. எப்படி வேலை செய்கிறது என்பது அமைத்தவனுக்கு வேண்டிய விவரம். வீட்டில் இருப்பவர்களுக்கு வேண்டியது, அது இல்லாமல் இன்றைக்கு எப்படிச் சமாளிப்பது என்பது மட்டுமே. இப்போது ஒட்டியிருப்பது ஒரே பக்கம். முதல் வரி இதுதான்: "எதையும் சரிசெய்ய வேண்டாம். முதலில் தண்ணீர், விளக்கு, கதவு மூன்றையும் கையால் இயக்கிக்கொள்ளுங்கள். மற்றது நாளைக்கு."

ஆனால் கையால் இயக்க வழி இருந்தால்தானே அப்படி எழுத முடியும்? மோட்டாருக்கு அந்த வழியையே நான் அடைத்து வைத்திருந்தேன். ஆகவே காகிதத்துக்கு முன்னால் வயரிங்கை மாற்ற வேண்டியிருந்தது.

மோட்டார்

அன்று மத்தியானம் எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பழைய ஸ்டார்ட்டரையே மாட்டிவிட்டுப் போனார். நான் வந்தபிறகு இருவரும் உட்கார்ந்து ஒழுங்காகச் செய்தோம். மோட்டாருக்குப் போகும் கரன்டை இப்போது ஒரு கான்டாக்டர் திறந்து மூடுகிறது. கான்டாக்டர் என்றால், சின்ன கரன்டை வாங்கிக்கொண்டு பெரிய கரன்டைத் திறந்து மூடும் கனத்த சுவிட்ச். அதற்கு முன்னால் மூன்று நிலைகள் கொண்ட ஒரு திருகு சுவிட்ச்: மேனுவல், ஆஃப், ஆட்டோ. ஆட்டோவில் இருந்தால் வைஃபை ரிலே சொல்வதைக் கான்டாக்டர் கேட்கும். மேனுவலுக்குத் திருப்பினால் ரிலே வழியில் இருந்தே விலகிவிடும். கணினி செத்திருந்தாலும், வைஃபை இல்லாவிட்டாலும் மோட்டார் ஓடும். மேல் தொட்டியில் இருக்கும் மிதவை சுவிட்ச் மட்டும் இரண்டு வழிக்கும் பொதுவாக இருக்கும்படி இணைத்தோம். அதனால் மேனுவலில் போட்டுவிட்டு அம்மா தொடரில் மூழ்கிவிட்டாலும் தொட்டி நிறைந்ததும் மோட்டார் நின்றுவிடும். சம்ப் காலியானதை மட்டும் அது அறியாது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டாரின் சீல் கெடும். ஆகவே மேனுவலில் போடும் முன் சம்ப் மூடியைத் திறந்து பார்க்கவேண்டும் என்பதும் காகிதத்தில் இருக்கிறது.

முதலில் நான் வைத்திருந்த ஏற்பாட்டில் கான்டாக்டரே கிடையாது. வைஃபை ரிலேயின் மேல் '10 ஆம்ப்' என்று போட்டிருந்தது, 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது ஐந்து ஆம்ப் அளவுக்குத்தான் எடுக்கும், தாராளம் என்று நினைத்தேன். மோட்டார் கிளம்பும் கணத்தில் அதைப்போல ஐந்து ஆறு மடங்கு இழுக்கும் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. தினம் இரண்டு முறை அந்த அடியை வாங்கினால், ரிலேயின் உள்ளே தொட்டுப் பிரியும் இரண்டு முனைகளும் ஒருநாள் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிவிட்டால் போனில் 'ஆஃப்' என்று காட்டும், மோட்டாரோ ஓடிக்கொண்டே இருக்கும். கான்டாக்டரிலும் என்றாவது அது நடக்கலாம்.

வீட்டாருக்கு இதையெல்லாம் விளக்க வேண்டாம். கண்டுபிடிக்கும் வழியும் செய்யவேண்டியதும் போதும். காகிதத்தில் அது இரண்டு வரி: "சுவிட்சை ஆஃபுக்குத் திருப்பியும் மோட்டார் சத்தம் நிற்கவில்லையென்றால், இந்தப் பெட்டியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய எம்.சி.பி.யைக் கீழே தள்ளுங்கள். எலெக்ட்ரீஷியன் வரும்வரை மேலே ஏற்ற வேண்டாம்." சிவப்பு ஸ்டிக்கர் முக்கியம். பெட்டியில் எட்டு எம்.சி.பி. ஒரே மாதிரி வரிசையாக நிற்கும்போது 'இடமிருந்து நான்காவது' என்று எழுதுவது பதற்றத்தில் இருப்பவருக்கு உதவாது.

ரிலேக்குள்ளேயே சில காவல்களையும் போட்டுவைத்தேன். அதில் ஓடுவது டாஸ்மோட்டா என்ற திறந்த மூல மென்பொருள். இதைச் சொல்ல மூன்று கட்டளை போதும்:

```
PowerOnState 0
PulseTime1 1900
SetOption65 1
```

முதலாவது, கரன்ட் போய் வந்தால் மோட்டார் தானாகக் கிளம்பாமல் அணைந்தே இருக்கச் சொல்கிறது. இல்லாவிட்டால் பழைய நிலைக்கே திரும்பும். நள்ளிரவில் கரன்ட் வரும்போது மோட்டாரும் ஓடத் தொடங்கும். இரண்டாவது, ஓடத் தொடங்கி 30 நிமிடம் ஆனதும் ரிலேவே நிறுத்திவிட வேண்டும் என்பது. 30 நிமிடம் என்றால் 1,800 நொடி. டாஸ்மோட்டாவில் நொடிக் கணக்கோடு 100 சேர்த்து எழுதவேண்டும், அதனால் 1900. எங்கள் 1,000 லிட்டர் தொட்டி நிறைய 25 நிமிடம் ஆகும். உங்கள் தொட்டிக்கு எவ்வளவு என்று கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டு இந்த எண்ணைப் போடுங்கள். கணக்கு ரிலேக்குள்ளேயே ஓடுவதால், நடுவில் வைஃபை போனாலும் கணினி போனாலும் நிறுத்தம் தவறாது.

மூன்றாவதுக்கு ஒரு கதை உண்டு. டாஸ்மோட்டா போட்ட சாதனத்துக்குப் பத்து நொடிக்கும் குறைவான இடைவெளியில் ஆறு முறை கரன்டை நிறுத்தி, ஏழாவது முறை கொடுத்து அப்படியே விட்டால் அது தன் அமைப்புகளை அழித்துக்கொண்டு ஆரம்ப நிலைக்குப் போய்விடும். மாட்டிக்கொண்டவர்கள் மீள்வதற்காக வைத்திருக்கும் வழி. மின்சாரம் கண்ணிமைத்துக்கொண்டே இருக்கும் மழை இரவுகளில் அந்த ஆறு முறையை மழையே செய்துவிடும். காலையில் பார்த்தால், நேற்றுவரை ஒழுங்காக இருந்த ரிலே யாரையும் தெரியாததுபோல் இருக்கும். அந்த மீட்பு வழியைத்தான் மூன்றாவது கட்டளை மூடுகிறது. மூடியபிறகு அழிக்கவேண்டி வந்தால், ரிலேயின் பொத்தானை 40 நொடி விடாமல் அழுத்தவேண்டும். அதை வீட்டார் செய்ய வேண்டாம் என்பதால் காகிதத்தில் எழுதவில்லை.

விளக்கும் கதவும்

விளக்கு விஷயம் சுலபம். சுவர்ச் சுவிட்சுக்குப் பின்னால் ரிலே வைத்த இடங்களில் சுவிட்சின் வயரை ரிலேயின் S1, S2 முனைகளில் கொடுத்திருந்தால், வைஃபை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுவிட்ச் எப்போதும்போல் வேலை செய்யும். எங்கள் வீட்டில் அறைகளெல்லாம் அப்படித்தான் இருந்ததால் அந்த நாளிலும் தப்பின. ஹாலில் மட்டும் நான் பல்பையே ஸ்மார்ட்டாக வாங்கினேன். அது என் கெட்டிக்காரத்தனம். அந்த பல்புக்குச் சுவிட்ச் எப்போதும் போட்டபடியே இருக்கவேண்டும், போனில்தான் அணைக்கவேண்டும். வைஃபை போய்விட்டால் சுவர்ச் சுவிட்சை அணைத்து ஐந்து நொடி பொறுத்துப் போட்டால் போதும், பெரும்பாலான பல்புகள் முழு வெளிச்சத்தில் எரியும். 'கரன்ட் வந்ததும் பழைய நிலைக்குப் போ' என்று அமைத்திருந்தால் மட்டும், அணைந்திருந்தது அணைந்தே கிடக்கும். அந்த அமைப்பை 'எரி' என்று மாற்றிவைத்தேன். செலோடேப்பை உரித்துப் போட்டேன்.

கதவின் டிஜிட்டல் பூட்டு பேட்டரியில் ஓடுவதால் கரன்ட் போனாலும் கவலையில்லை. பேட்டரியே தீர்ந்தால்தான் பிரச்சினை. பல பூட்டுகளின் வெளிப்புற அடிப்பாகத்தில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் இருக்கும். 9 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளையும் அவற்றில் வைத்துப் பிடித்துக்கொண்டே எண்ணை அழுத்தினால் பூட்டு விழித்துக்கொள்ளும். எங்கள் பூட்டும் அந்த வகைதான். சிலவற்றில் புள்ளிகளுக்குப் பதில் போன் சார்ஜர் செருகும் துளை இருக்கும். பல பூட்டுகளோடு கூடவே ஒரு சாவியும் தந்திருப்பார்கள். அந்தச் சாவி எங்கள் வீட்டில் பீரோவுக்குள் இருந்தது. வெளியே நிற்பவருக்குப் பீரோவில் இருக்கும் சாவியால் என்ன பயன்? இப்போது அக்கா வீட்டில், 9 வோல்ட் பேட்டரி ஒன்றோடு சேர்த்து ஒரு டப்பாவில் இருக்கிறது.

எந்த வரிசையில் எழுப்புவது

தண்ணீரும் விளக்கும் வந்தபிறகு, தைரியம் இருந்தால் செய்யலாம் என்று காகிதத்தின் அடுத்த பகுதி சொல்கிறது. இதில் அழிக்கும் வேலை எதுவும் கிடையாது, தட்டி எழுப்புவது மட்டும்தான். நெட் டப்பாவின் பிளக்கையும், டி.வி.க்குப் பின்னால் உள்ள கறுப்பு டப்பாவின் பிளக்கையும் பிடுங்க வேண்டும். ஒரு நிமிடம் பொறுத்து, நெட் டப்பாவை மட்டும் முதலில் போட வேண்டும். மூன்று நிமிடம் காத்திருந்து, அதன் பிறகே கறுப்பு டப்பா. அது முழுதாக எழ ஐந்து நிமிடமாவது வேண்டும். அதற்குள் வேலை செய்யவில்லை என்று மறுபடி பிடுங்குவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்டைப் பிடுங்குவதுதான் மெமரி கார்டைக் கெடுக்கும். எங்கள் கார்டு போனதும் இப்படி ஒரு நேரத்தில்தான்.

வரிசை ஏன் என்றால், சாதனங்கள் எழுந்ததும் முதலில் தேடுவது வைஃபையை. அது தயாராகும் முன்னால் எழுந்த சில, தேடிச் சலித்து ஓய்ந்துவிடும். கரன்ட் போய் வரும்போது எல்லாம் ஒரே நேரத்தில் எழுவதால்தான் மறுநாள் காலையில் ஒன்றிரண்டு மட்டும் 'காணவில்லை' என்று காட்டும். அவற்றுக்கும் தனியாகப் பிளக்கைப் பிடுங்கிப் போட்டால் போதும்.

எழுந்துவிட்டதா என்று பார்க்க, கணினியில் ஓடும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளின் முகவரியைக் காகிதத்தில் இரண்டு விதமாக எழுதியிருக்கிறேன்:

```
http://homeassistant.local:8123
http://192.168.1.50:8123
```

முதலாவது எல்லா வீட்டுக்கும் பொது. சில போன்களில் அது திறக்காது, அதற்காக இரண்டாவது. அந்த எண் எங்கள் வீட்டுக்கு உரியது, உங்கள் வீட்டில் வேறாக இருக்கும். பத்து நிமிடம் ஆகியும் இரண்டும் திறக்காவிட்டால் கணினி எழவில்லை என்று பொருள். அத்தோடு நிறுத்திக்கொண்டு, மோட்டாரை மேனுவலிலேயே விட்டுவிட்டு எனக்குப் போன் செய்யலாம். நான் பதில் சொல்லாவிட்டாலும் வீடு ஓடும்.

ஓர் எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன்: "மெயினை இறக்கினாலும் இன்வெர்ட்டர் லைனில் கரன்ட் இருக்கும். எந்தச் சுவிட்ச் போர்டையும் திறக்காதீர்கள்." அக்கா மகனுக்கு இப்போது ஸ்க்ரூடிரைவர் மேல் பிரியம் வந்திருக்கிறது. அதனால்தான் பெரிய எழுத்து.

பெயரை மாற்றாதே

அந்த 23 அநாதைகள் எப்படித் திரும்பின என்று சொல்லவில்லையே. அன்று மாலை விமான நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொன்றையும் அவிழ்த்து மறுபடி இணைக்க எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஆகும் என்று கணக்குப் போட்டேன். பிறகுதான் உறைத்தது. அந்தச் சாதனங்களுக்கு நம் ரவுட்டர் எது என்று தெரியாது. அவற்றுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பெயரும் ஒரு கடவுச்சொல்லும். அந்தப் பெயரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் வந்துவிடும்.

மருமகனைக் கூப்பிட்டேன். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள வைஃபை பெயரில் போனை இணைக்கச் சொன்னேன். பிறகு அதே ஸ்டிக்கரில் இருக்கும் முகவரியைத் திறந்து, வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் பழையபடியே எழுதச் சொன்னேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் உள்ள கோடு வரை எதுவும் மாறக் கூடாது. இத்தகைய சாதனங்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே பேசும், அதனால் அந்த அலைவரிசையில் பெயர் அதேதான் இருக்கவேண்டும். பாதுகாப்பு முறையும் முன்பு இருந்ததே இருக்கட்டும். புதிய முறைக்கு மாற்றினால் பழைய சாதனங்கள் சில சேராது. முதல் முறை அவன் ஓர் எழுத்தைச் சிறியதாக அடித்துவிட்டான், ஒன்றும் வரவில்லை. திருத்தினான். சில நிமிடங்களில் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. இருபத்து மூன்றும் வந்தன. "மாமா, எல்லாம் தானா வருது" என்று அவன் கத்தியது பக்கத்து இருக்கைக்காரருக்கும் கேட்டது.

இணையம் மட்டும் வரவில்லை. ஃபைபர் இணைப்புக்கான பயனர் விவரமும் அந்த ரவுட்டரில்தான் இருந்தது, அதுவும் அழிந்திருந்தது. மறுநாள் நிறுவனத்து ஆள் வந்து போட்டுக்கொடுத்தார். வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் சாதனங்களுக்கு அதனால் குறை இல்லை. வெளிநாட்டு சர்வரைக் கேட்டுத்தான் அசையும் இரண்டு பிளக்குகள் மட்டும் மறுநாள்வரை சும்மா இருந்தன. அந்த விவரமும் இப்போது எழுதிவைத்திருக்கிறது.

இந்த ஒரு விஷயத்துக்காகவே காகிதம் எழுதலாம் என்பேன். ஏனென்றால் ஓட்டையில் பின் குத்தாதவர் வீட்டிலும் இது நடக்கும். இணைய நிறுவனத்தின் ஆள் புது ரவுட்டர் மாற்ற வருவார், "பேர் என்ன வைக்கட்டும்?" என்று கேட்பார், வீட்டில் இருப்பவர் பேத்தியின் பெயரைச் சொல்வார். அன்று மாலை ஒரு விளக்கும் போனுக்குக் கட்டுப்படாது. ஆகவே எங்கள் காகிதத்தில் இந்த வரிக்கு அடிக்கோடு இருக்கிறது: "புது நெட் டப்பா மாட்டினால் பழைய பெயர், பழைய கடவுச்சொல். இதோ, இப்படியே எழுதச் சொல்லுங்கள்."

உறைக்குள் இருப்பவை

கதவில் ஒட்டமுடியாத சிலவற்றை ஓர் உறையில் போட்டு ஒட்டி, பத்திரங்கள் இருக்கும் பையில் வைத்திருக்கிறோம். கெட்டுப்போன கணினியைத் திரும்ப எழுப்ப வேண்டியவை அதில் இருக்கின்றன: மென்பொருள் ஏற்றிய மாற்று மெமரி கார்டு ஒன்று, பேக்கப் எங்கே இருக்கிறது என்ற விவரம், அந்தப் பேக்கப்பைத் திறக்கும் குறியீடு. இந்தக் கடைசி விஷயத்தில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஹோம் அசிஸ்டன்ட் தானாக எடுக்கும் பேக்கப் இப்போதெல்லாம் பூட்டியே சேமிக்கப்படுகிறது. திறவுகோலைத் தனியாகத் தரவிறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லும். அதைப் போய் அதே கணினியில் வைத்திருந்தால், அந்தக் கணினி செத்த நாளில் பேக்கப் இருந்தும் இல்லாததுதான். பேக்கப்பும் அதே மெமரி கார்டில் இருக்கக் கூடாது. என்னுடையது இருந்தது. அதனால் எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து எழுத எனக்கு மூன்று வார இறுதிகள் போயின.

இன்னொன்று, கணக்குகள். எல்லாச் செயலிகளும் என் மின்னஞ்சலில்தான் இருந்தன. ஓ.டி.பி. வருவது என் போனுக்கு. நான் விமானத்தில் இருந்தால் வீட்டில் யாரும் உள்ளே நுழையமுடியாது. குடும்பத்தாரைச் செயலியில் 'உறுப்பினர்' ஆகச் சேர்த்துவிட்டேன் என்று திருப்தியாக இருந்தேன். சோதித்துப் பார்த்தபோது, சில செயலிகளில் உறுப்பினரால் விளக்கைப் போட முடிகிறது, புதிதாக ஒரு சாதனத்தைச் சேர்க்கவோ நீக்கவோ முடியவில்லை. ஹோம் அசிஸ்டன்டில் மனைவிக்கும் நிர்வாகி உரிமையோடு ஒரு கணக்குத் திறந்தோம். மற்றவற்றின் கடவுச்சொற்களை உறையில் எழுதினோம். இரண்டாவது ஓ.டி.பி. எண்ணாக அவருடைய எண்ணைச் சேர்க்க இடம் கொடுத்த செயலிகளில் சேர்த்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

எழுதி முடித்த காகிதம் சரியா என்று எழுதியவனுக்குத் தெரியாது. ஒரு ஞாயிறு காலை யாரிடமும் சொல்லாமல் கறுப்பு டப்பாவின் பிளக்கையும் நெட் டப்பாவின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, காய்கறி வாங்கப் போனேன். போனை வீட்டிலேயே வைத்துவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்தபோது தொட்டியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அம்மா காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்.

முதல் வட்டம் 'ஹப்' என்ற சொல்லின் மேல். அது என்னவென்றே அவருக்குத் தெரியவில்லை. 'டி.வி.க்குப் பின்னால் உள்ள கறுப்பு டப்பா' என்று மாறியது அன்றுதான். இரண்டாவது வட்டம் 'ரீபூட்'. மூன்றாவது, 'ஓரிரு நிமிடம் காத்திருக்கவும்' என்பதில். "ஓரிரு நிமிஷம்னா எவ்வளவு? கடிகாரத்தைப் பார்க்கணுமா வேணாமா?" என்றார். மூன்று, ஐந்து என்று எண் போட்டேன். எழுத்தின் அளவையும் இரண்டு மடங்காக்கினேன். 'ரீசெட்' என்ற சொல் காகிதத்தில் இப்போது ஒரே இடத்தில்தான் வருகிறது: "ரீசெட் என்று எழுதிய ஓட்டையையோ பொத்தானையோ தொடாதீர்கள். நானே போனில் சொன்னாலும்."

காகிதத்தின் கீழ் மூலையில் தேதி இருக்கிறது. ரவுட்டரோ கடவுச்சொல்லோ எம்.சி.பி. வரிசையோ மாறினால் பழையதைக் கிழித்துவிட்டுப் புதியது ஒட்டுகிறோம். இதுவரை நான்கு முறை மாறியிருக்கிறது.

உங்கள் வீட்டில் ஆள் வைத்து இந்த வேலையைச் செய்கிறீர்கள் என்றால் ஒன்று செய்யுங்கள். கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கும் முன்னால், ரவுட்டரின் பிளக்கை அவர் கண்ணெதிரே பிடுங்குங்கள். பிறகு வீட்டில் வயதில் மூத்தவரைக் கூப்பிட்டு, மோட்டாரையும் ஹால் விளக்கையும் போட்டுக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். மூன்றும் நடந்தால் பணத்தைக் கொடுங்கள்.